நிலைத்த அளவு கூட்டு மருந்துகள்: பத்து மதிப்பெண் வினாவுக்கு மாதிரி விடை

வினா: (அ) நிலைத்த அளவு கூட்டு மருந்து என்றால் என்ன? அதன் நன்மைகளையும் தீமைகளையும் எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக. (8 மதிப்பெண்)
(ஆ) 55 கிலோ எடையுள்ள காசநோயாளிக்கு நான்கு மருந்து அடங்கிய கூட்டு மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரத்தில் மஞ்சள் காமாலை வருகிறது. கூட்டு மாத்திரையால் இங்கு எழும் சிக்கல் என்ன? என்ன செய்வீர்கள்? (2 மதிப்பெண்)

விடை

(அ)

இரண்டோ அதற்கு மேற்பட்டோ வேதி மருந்துகளை, மாறாத விகிதத்தில், ஒரே மாத்திரையிலோ கேப்சூலிலோ சிரப்பிலோ ஊசியிலோ சேர்த்துத் தயாரிப்பது நிலைத்த அளவு கூட்டு மருந்து, சுருக்கமாக எஃப்.டி.சி. இரண்டு மருந்துகளைத் தனித்தனியாக ஒரே வேளையில் விழுங்கினால் அது எஃப்.டி.சி. ஆகாது. விகிதத்தைத் தயாரிப்பாளர் முடிவு செய்துவிடுகிறார். மருத்துவரால் அதை மாற்ற முடியாது. நன்மை, தீமை இரண்டுக்குமே வேர் இதுதான்.

எந்தக் கூட்டு நியாயமானது?

சேரும் மருந்துகள் வெவ்வேறு வழியில் வேலை செய்ய வேண்டும். அவற்றின் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பக்க விளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலனிலோ, பாதுகாப்பிலோ, நோயாளி விடாமல் சாப்பிடுவதிலோ, கிருமியின் எதிர்ப்புத்திறனைத் தள்ளிப்போடுவதிலோ நிரூபிக்கப்பட்ட மேன்மை வேண்டும்.

இதற்குச் சிறந்த சான்று கோ-ட்ரைமாக்சசோல். மாத்திரையில் சல்ஃபாமெத்தாக்சசோல் 400 மி.கி., ட்ரைமெத்தோப்ரிம் 80 மி.கி.; அதாவது 5:1. ஆனால் இரத்தத்தில் கிடைப்பது 20:1. ட்ரைமெத்தோப்ரிம் திசுக்களுக்குள் அதிகம் பரவிவிடுவதால் பிளாஸ்மாவில் அதன் அளவு குறைகிறது. கிருமிக்கு எதிராகக் கூட்டுவிளைவு உச்சமாகக் கிடைக்கும் விகிதமும் இந்த 20:1தான். மாத்திரைக்கு 5:1 தேர்ந்தெடுக்கப்பட்டது அதற்காகவே. இரண்டின் அரை ஆயுட்காலமும் சுமார் 10 மணி நேரம் என்பதால் இந்த விகிதம் அடுத்த வேளை வரை பெரிதும் குலையாது. ஃபோலேட் உருவாகும் பாதையில் சல்ஃபா ஒரு படியையும் ட்ரைமெத்தோப்ரிம் அடுத்த படியையும் அடைக்கின்றன. தனித்தனியே கொடுத்தால் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்க மட்டுமே செய்யும் இவை, சேரும்போது கிருமியைக் கொல்லும்.

நன்மைகள்

*பலன் கூடுகிறது.* மேலே சொன்ன கோ-ட்ரைமாக்சசோல் ஒன்று. டெல்மிசார்டன் 40 மி.கி. + அம்லோடிபின் 5 மி.கி. மற்றொன்று. ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பதைவிட, இரண்டு வழிகளில் செயல்படும் மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்தால் இரத்த அழுத்தம் நன்றாக இறங்கும்.

*ஒன்று மற்றொன்றைக் காப்பாற்றுகிறது.* அமாக்சிசிலினைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியைக் கிளாவுலானிக் அமிலம் முடக்குகிறது. சிறுநீரகக் குழல்களில் இமிபெனெமை உடைக்கும் டீஹைட்ரோபெப்டிடேஸ் நொதியைச் சைலாஸ்டாடின் தடுக்கிறது. மூளைக்கு வெளியே லெவோடோபா டோபமினாக மாறுவதைக் கார்பிடோபா தடுப்பதால், தேவைப்படும் லெவோடோபா அளவு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. குமட்டலும் வாந்தியும் குறைகின்றன.

*பக்க விளைவு குறைகிறது.* அம்லோடிபின் தரும் கணுக்கால் வீக்கத்தை டெல்மிசார்டன் தணிக்கிறது. தையசைடால் இறங்கும் பொட்டாசியத்தை அதே டெல்மிசார்டன் ஓரளவு ஈடுகட்டுகிறது. லிக்னோகெய்னுடன் அட்ரினலின் சேர்த்தால் இரத்தக்குழாய் சுருங்கி, மரப்பு நீடிக்கிறது, மருந்து உடலுக்குள் பரவுவது தாமதமாகிறது. ஆனால் விரல் நுனி போன்ற முனைத்தமனிப் பகுதிகளில் இந்தக் கலவையைத் தவிர்க்க வேண்டும்.

*எதிர்ப்புத்திறன் தள்ளிப்போகிறது.* காசநோய், எச்.ஐ.வி., மலேரியா மூன்றிலும் எஃப்.டி.சி.யின் பெரும் பயன் இதுதான். பிடிக்காத மாத்திரையை ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் விழுங்க நோயாளிக்கு வழியில்லை. ஆகவே தற்செயலான ஒற்றை மருந்துச் சிகிச்சை நடக்காது. ஆர்ட்டிமெதர் + லூமிஃபாண்ட்ரின் மாத்திரையும் இதே நோக்கில் உருவானது. ஆஸ்துமாவில் சால்மெட்டரால் மட்டும் இழுப்பது ஆபத்து. ஃப்ளூட்டிகசோனுடன் ஒரே இன்ஹேலரில் அடைத்துவிட்டால் ஸ்டீராய்டைத் தவிர்க்க முடியாது. இது வசதி என்பதற்கு மேல், உயிர்க்காப்பு.

*விடாமல் சாப்பிடுவது எளிதாகிறது.* டெனோஃபோவிர் 300 + லாமிவுடின் 300 + டோலுடெக்ராவிர் 50 மி.கி. ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 30 மைக்ரோகிராம் + லீவோநார்ஜெஸ்ட்ரல் 150 மைக்ரோகிராம் கொண்ட கருத்தடை மாத்திரையும் அப்படியே. இதயநோய்த் தடுப்புக்கான பாலிபில் 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. பொதியல், கொள்முதல், இருப்பு வைப்பது ஆகியவற்றின் செலவும் பொதுவாகக் குறைகிறது.

தீமைகள்

*அளவைத் தனித்தனியாக மாற்ற முடியாது.* எஃப்.டி.சி.யின் முதல் குறை இது. நடைமுறையில் அடிக்கடி தடுக்கி விழும் இடமும் இதுவே. அமாக்சிசிலின் 500 + கிளாவுலானிக் அமிலம் 125 மி.கி. மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அமாக்சிசிலின் ஏறக்குறைய 1 கிராம் வேண்டும் என்று இந்த 625 மாத்திரை இரண்டைக் கொடுத்தால் கிளாவுலானிக் அமிலம் 250 மி.கி. ஆகிவிடும், பலன் அதற்கேற்ப உயராது, வயிற்றுப்போக்கு மட்டும் கூடும். அதனால்தான் 875 + 125 மி.கி. மாத்திரை தனியாக இருக்கிறது.

லெவோடோபாவில் எதிர்த்திசையிலான தவறு நடக்கும். மூளைக்கு வெளியே உள்ள நொதியை முழுதாக அடக்க நாளைக்கு 70 முதல் 100 மி.கி. கார்பிடோபா வேண்டும். 10/100 மாத்திரையை மூன்று வேளை கொடுத்தால் கிடைப்பது 30 மி.கி.தான். நோயாளி வாந்தி எடுக்கிறார், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் விகிதம்தான் தவறு. 25/100 மாத்திரைக்கு மாற்றினால் மூன்று வேளையில் 75 மி.கி. கிடைக்கும்.

கிளிமிபிரைடு + மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் கிளிமிபிரைடை மட்டும் குறைக்க வேண்டும். மாத்திரையைக் குறைத்தால் மெட்ஃபார்மினும் குறைந்துவிடும். மேலே சொன்ன எச்.ஐ.வி. மாத்திரையும் அப்படியே: கிரியேட்டினின் கிளியரன்ஸ் 50க்குக் கீழே இறங்கினால் டெனோஃபோவிரின் வேளை இடைவெளியை நீட்ட வேண்டும், டோலுடெக்ராவிரை நீட்டக்கூடாது. எனவே பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். ரிஃபாம்பிசின் சேரும்போது டோலுடெக்ராவிர் மட்டும் வேகமாகச் சிதைவதால், கூட்டு மாத்திரை எடுத்து 12 மணி நேரம் கழித்துத் தனியாக 50 மி.கி. டோலுடெக்ராவிர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

*பக்க விளைவு எதனால் என்று தெரியாது.* தடிப்பு வந்தாலும் கல்லீரல் பாதித்தாலும் குற்றவாளி எந்த மருந்து என்று பிரித்தறிய வழியில்லை. ஒரு கூறு கூடாது என்றால் மொத்த மாத்திரையும் கூடாது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவருக்குக் கோ-ட்ரைமாக்சசோல் இல்லை.

*தேவையில்லாத மருந்து உள்ளே போகிறது.* ஆஃப்லாக்சசின் + ஆர்னிடசோல் கூட்டு நம் ஊரில் வயிற்றுப்போக்கு என்றதும் கைக்கு வருகிறது. பாக்டீரியா வயிற்றுப்போக்கும் அமீபா வயிற்றுப்போக்கும் ஒருவருக்கே ஒரே நேரத்தில் வருவது அரிது. நீரிழப்புக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு கிருமிக்கொல்லிகள் வீணாகின்றன, எதிர்ப்புத்திறன் வளர்கிறது. ஆம்பிசிலின் + கிளாக்சசிலின் இன்னும் மோசம். பென்சிலினேஸ் உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு ஆம்பிசிலின் பலிக்காது. கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்குக் கிளாக்சசிலின் பலிக்காது. எந்தத் தொற்றானாலும் ஒரு பாதி வீண், பலிக்க வேண்டிய மற்றப் பாதியும் அரைகுறை அளவு.

*ஒரே மருந்து இருமுறை.* பாராசிட்டமால் சளி மாத்திரையிலும் உண்டு, வலி மாத்திரையிலும் உண்டு, காய்ச்சல் மாத்திரையிலும் உண்டு. மூன்று பட்டையின் பெயரும் வேறு என்பதால் நோயாளிக்குத் தெரியாமலே நாளொன்றுக்கான 4 கிராம் உச்சவரம்பைத் தாண்டிவிடுகிறார். கல்லீரல் பாதிப்பு இப்படித்தான் நுழைகிறது. சிறு குழந்தைகளின் சளி சிரப்பில் ஆபத்து வேறு விதம். குளோர்ஃபெனிரமின் + ஃபினைலெஃப்ரின் கூட்டை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று லேபிளில் அச்சிட இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது.

*தயாரிப்புச் சிக்கல்.* வயிற்று அமிலத்தில் ரிஃபாம்பிசின் சிதையும்; உடன் ஐசோனயசிட் இருந்தால் அச்சிதைவு விரைவாகிறது. ஆகவே ரிஃபாம்பிசின் இரத்தத்தில் போதிய அளவு சேர்வதை நிரூபித்த தயாரிப்பையே வாங்க வேண்டும். கூட்டின் காலாவதித் தேதியும் அதிலுள்ள மிகப் பலவீனமான கூறைப் பொறுத்தே அமையும்.

இந்தியச் சட்டநிலை

புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகள் 2019இன்படி, முதன்முறையாகச் சேர்க்கப்படும் எஃப்.டி.சி. ஒரு புதிய மருந்து. கூறுகள் பழையவை என்பதால் மத்திய அனுமதி வேண்டாம் என்று ஆகாது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம் 1940இன் 26ஏ பிரிவின் கீழ், 10 மார்ச் 2016இல் 344 கூட்டு மருந்துகள் தடைசெய்யப்பட்டன. தில்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது; உச்ச நீதிமன்றம் மறு ஆய்வுக்கு அனுப்பியது; 2018 செப்டம்பரில் 328 கூட்டுகளுக்குத் தடை வந்தது. 2023 ஜூனில் 14 கூட்டுகளும் (நிமெசுலைடு + பாராசிட்டமால் கரையும் மாத்திரை அவற்றில் ஒன்று), 2024 ஆகஸ்டில் 156 கூட்டுகளும் தடைசெய்யப்பட்டன.

(ஆ)

55 கிலோ நோயாளி 50 முதல் 64 கிலோ வரையிலான எடைப்பிரிவில் வருகிறார். தினமும் நான்கு மாத்திரை. ஒவ்வொன்றிலும் ஐசோனயசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்புட்டால் 275 மி.கி. ஆக, ஒரு நாளில் முறையே 300, 600, 1600, 1100 மி.கி. உள்ளே போகிறது.

சிக்கல்: நான்கில் ஐசோனயசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. எது காரணம் என்று மாத்திரை சொல்லாது. எத்தாம்புட்டாலை மட்டும் தொடரவும் விடாது. மாத்திரையின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்ப்பது பெரும் தவறு. நான்கு மருந்துகளும் பலனளிக்காத அளவுக்கு இறங்கி, எதிர்ப்புத்திறனுக்கு வழிவிடும்.

செய்ய வேண்டியது: கூட்டு மாத்திரையை உடனே முழுவதும் நிறுத்துக. ஏ.எல்.டி., பிலிருபின், புரோத்ராம்பின் நேரம் பார்க்க வேண்டும். மஞ்சள் காமாலை கண்ணுக்குத் தெரிவதால் ஏ.எல்.டி. எவ்வளவு என்று காத்திருக்கத் தேவையில்லை. வைரல் ஹெபடைடிஸ், மதுப்பழக்கம், நாட்டு மருந்து பற்றி விசாரிக்க வேண்டும். நோய் தீவிரமாக இருந்தால் கல்லீரலைப் பெரிதும் பாதிக்காத எத்தாம்புட்டாலுடன் லீவோஃப்லாக்சசின் போன்ற மருந்துகளால் இடைக்காலச் சிகிச்சை தருக. ஏ.எல்.டி. இயல்பின் உச்சவரம்பைப் போல் இரு மடங்குக்குக் கீழே இறங்கி, அறிகுறிகளும் தணிந்த பின், தனித்தனி மாத்திரைகளாக ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்க வேண்டும்: முதலில் ரிஃபாம்பிசின், 3 முதல் 7 நாள் இடைவெளி விட்டு ஏ.எல்.டி. பார்த்து ஐசோனயசிட். பாதிப்பு கடுமையாக இருந்திருந்தால் பைரசினமைடைத் திரும்பக் கொடுக்காமல், எஞ்சிய மருந்துகளால் சிகிச்சைக் காலத்தை நீட்டுவதே பாதுகாப்பு. எந்த மருந்தைச் சேர்த்தபின் ஏ.எல்.டி. ஏறுகிறதோ அதை விலக்கி, அந்நோயாளியின் சிகிச்சை அட்டையில் மருந்தின் பெயரோடு பதிய வேண்டும். அதன்பின் அவருக்கு நான்கு மருந்துக் கூட்டு மாத்திரையை வழங்கக்கூடாது.