வகுப்பறை மென்பொருள்: முன்மொழிவும் விலை விபரமும்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும்,

போன கிழமை கொக்கட்டிச்சோலைக்கு வந்து உங்கள் கணினிக் கூடத்தைப் பார்த்தோம். இயங்கும் கணினிகள் 14, பழைய மாணவர்கள் தந்த ஸ்மார்ட் போர்ட் 1, இணையமோ மழைக்கு ஒரு மாதிரி வெயிலுக்கு ஒரு மாதிரி. இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

கணினிக் கூடத்தில் ஒரு சின்ன சேர்வர் பெட்டி வைப்போம், வினாக்களும் பிள்ளைகளின் புள்ளிகளும் அதற்குள்ளேயே இருக்கும். கணினி, டேப், ஆசிரியரின் போன் எல்லாம் பாடசாலைக்குள் இருக்கும் வைஃபை வழியாக அதோடு இணைவதால் வெளி இணையம் இல்லாவிட்டாலும் பாடம் நிற்காது. கரண்ட் போனால் யூபிஎஸ் அந்தப் பெட்டியையும் ரவுட்டரையும் சுமார் இரண்டு மணித்தியாலம் தாங்கும், மேசைக் கணினிகளைத் தாங்காது, அந்த நேரம் டேப்பும் போனும்தான்.

காணொளிப் பாடங்களை நாங்கள் விற்கவில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலேயே பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, அதற்காகக் காசு கொடுக்காதீர்கள், எங்களுக்கும் சரி வேறு யாருக்கும் சரி.

நாங்கள் தருவது அலகுச் சோதனையும் அதன் பின்னால் வரும் கணக்கும். ஆசிரியர் ஒரு அலகு முடிந்ததும் பத்து வினா போடுகிறார், பிள்ளைகள் செய்கிறார்கள், யார் எந்த இடத்தில் இடறினார் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். உங்கள் ஆசிரியர்கள் வருடக்கணக்காகப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கும் வினாத்தாள்களை அப்படியே உள்ளே போடலாம், மென்பொருள் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளும், மறுபடி தட்டச்சு செய்யும் தொல்லை இல்லை. வரவுப் பதிவும் இதிலேயே இருக்கிறது. வேளாண்மை வெட்டுக்குப் போன பிள்ளை, மார்கழி வெள்ளத்தில் பாதை மூடியதால் வராத பிள்ளை, இவர்கள் திரும்பி வரும்போது எந்த அலகுகளைத் தவறவிட்டார்கள் என்ற பட்டியல் தயாராக இருக்கும். படுவான்கரைப் பாடசாலைகளுக்கு இந்த ஒரு வசதிதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது என்பது எங்கள் அபிப்பிராயம்.

செய்யாததையும் சொல்லிவிடுகிறோம். கேத்திரகணித நிறுவலின் படிமுறைகளை இது திருத்தாது, அது ஆசிரியரின் சிவப்புப் பேனாதான்.

இனி விலை. சேர்வர், ரவுட்டர், யூபிஎஸ் மூன்றும் பொருத்துகூலியோடு 135,000 ரூபா, ஒரே தடவைதான், பொருட்கள் பாடசாலைக்கே சொந்தம். மென்பொருளுக்கு மூன்று வழி இருக்கிறது. தரம் 10, 11 கணிதமும் விஞ்ஞானமும் மட்டும் என்றால் வருடத்துக்கு 78,000. தரம் 6 முதல் 11 வரை, அதோடு தமிழும் வரலாறும் சேர்த்தால் 168,000, உங்கள் 420 பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 400 ரூபா. இதையே மூன்று வருடத்துக்கு ஒன்றாகக் கட்டினால் 432,000, அதாவது 72,000 மிச்சம், ஆனாலும் முதல் வருடமே இதை எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வோம். முதல் வழியில் தொடங்குங்கள், மொத்தம் 213,000, ஆசிரியர்களுக்குப் பழகினால் பிறகு கூட்டலாம். இரண்டு நாள் பயிற்சியும், பழுதென்றால் மறுநாளுக்குள் ஆள் வருவதும் எல்லா விலையிலும் அடங்கும். டேப் தேவைப்பட்டால் நகரத்துக் கடைகளில் விசாரித்து நீங்களே வாங்குங்கள், எங்களுக்கு அதில் கமிஷன் இல்லை.

என்ன பலன் எதிர்பார்க்கலாம்? சாதாரண தரத்தில் இத்தனை ஏ வரும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம், காலியாக இருக்கும் விஞ்ஞான ஆசிரியர் இடத்தை எந்த மென்பொருளும் நிரப்பாது. பல்தேர்வு வினா திருத்தும் நேரம் அறவே இல்லாமல் போகும், அது முதல் கிழமையிலேயே தெரியும். தரம் 10 கணிதத்துக்குத் தொடக்கத்தில் ஒரு சோதனை வைத்து, தவணை இறுதியில் அதே அலகுகளில் மறுபடி வைப்போம். கிழமைக்கு ஒரு அலகுச் சோதனையாவது நடந்தால், முதலில் 40 புள்ளிக்குக் கீழே நின்றவர்களில் மூன்றில் ஒருவராவது 40ஐத் தாண்ட வேண்டும் என்பது எங்கள் இலக்கு. மென்பொருள் கட்டணத்தில் பாதியை இப்போதும் மீதியை அந்தப் பெறுபேறு வந்த பிறகும் தாருங்கள், இலக்கு எட்டாவிட்டால் மீதி வேண்டாம். வினாத்தாளை உங்கள் ஆசிரியர்களே தயாரிக்கட்டும், அப்போதுதான் எங்கள் மேல் சந்தேகம் வராது.

பிள்ளைகளின் விபரங்கள் பாடசாலைப் பெட்டியை விட்டு வெளியே போகாது, பிரதியும் உங்கள் பென்டிரைவில்தான், ஒப்பந்தம் முடிந்தால் எல்லாவற்றையும் எக்செல் கோப்பாகத் தந்துவிடுவோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வைத்தே இதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோம்.

வேறு இடங்களிலும் விலைமனு எடுங்கள், எடுக்கும்போது இணையம் இல்லாமல் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் பெட்டியைத் தரம் 10இல் நாலு கிழமை இலவசமாக வைத்துப் பார்க்கலாம், சங்கக் கூட்டத்தில் சரி என்றால் கணித ஆசிரியருக்கு வசதியான ஒரு நாளைச் சொல்லுங்கள், நாங்களே கொண்டுவந்து பொருத்துகிறோம். மேலே உள்ள விலைகள் 60 நாட்களுக்குச் செல்லும்.

இப்படிக்கு,
விற்பனைப் பொறுப்பாளர், மட்டக்களப்பு