திடுக்கிட வைக்காமல் தூக்கத்தைக் கெடுக்கும் படங்கள்

‘பிரிசனர்ஸ்’, ‘கான் கேர்ள்’ இரண்டும் பிடித்திருந்தன, ‘தி கான்ஜுரிங்’கை அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டேன், எனக்கு என்ன பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடிடி தளங்களில் ‘சைக்கலாஜிக்கல் த்ரில்லர்’ என்ற வகையைத் தேடிப் பயனில்லை. இரண்டு மாதிரியும் அதே பெட்டியில்தான் கிடக்கும். ஜம்ப் ஸ்கேர் பெரும்பாலும் ஒலியின் வேலை: சில நொடி நிசப்தம், பிறகு காதைப் பிளக்கும் ஓசை. உங்களுக்கு வேண்டியது, பத்து நிமிடம் முன்பு சாதாரணமாகக் கடந்துபோன ஒரு வசனம் இப்போது வேறு அர்த்தம் கொள்ளும் படங்கள்.

முதலில் ‘கிஷ்கிந்தா காண்டம்’ (மலையாளம், 2024). தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள்; ஓய்வுபெற்ற ராணுவக்காரரான அப்பு பிள்ளையின் துப்பாக்கியைக் காணவில்லை. அவருக்கு மறதி, அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் துருவ ஆரம்பிக்கிறார். அவருக்குத் தெரிவதுதான் பெரும்பாலும் நமக்கும் தெரியும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்துவிடும் என்பதால், மெதுவான படங்களுக்குப் பழகாதவர்கள் இதில் தொடங்குவது நல்லது.

அடுத்து ‘பர்னிங்’ (கொரியா, 2018, லீ சாங்-டாங்). 148 நிமிடம். நிறையப் பேர் முதல் ஒரு மணி நேரத்திலேயே கைவிடும் படம் இது. ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்பார்கள். நடந்துகொண்டுதான் இருக்கும். நாயகி ஹே-மி, இல்லாத ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சாப்பிடுவதுபோல நடிக்கும் காட்சியைக் கவனியுங்கள். பழம் இருக்கிறது என்று நினைக்காதே, இல்லை என்பதை மறந்துவிடு என்கிறாள். படம் முழுக்க அதே விளையாட்டைத்தான் நம்மோடு ஆடுகிறது. அவள் வளர்ப்பதாகச் சொல்லும் பூனை அவள் வீட்டில் கண்ணில் படவே படாது. கிண்ணத்தில் தீனி மட்டும் குறையும். பாதிப் படத்தில் அவளுடைய புது நண்பன் பென் சர்வ சாதாரணமாக ஒரு பொழுதுபோக்கைச் சொல்வான். அங்கிருந்து எழுந்து போக முடியாது. ஆனால் கடைசியில் யாரும் வந்து விளக்கம் சொல்ல மாட்டார்கள். விடை கையில் தரப்படவேண்டும் என்பவருக்கு இது எரிச்சலூட்டும். முடிவில் வன்முறை உண்டு, திடுக்கிடல் இல்லை.

இயக்குநர் ஹானகேயின் ‘கேஷே’ (2005) இன்னும் கறார். ஒரு தம்பதிக்கு அவர்கள் வீட்டு வாசலையே படம்பிடித்த கேசட்டுகள் வருகின்றன. பின்னணி இசையே கிடையாது, அதனால் ‘இப்போது பயப்படு’ என்று யாரும் சைகை காட்டுவதில்லை. எச்சரிக்கை ஒன்று: முக்கால்வாசிப் படம் தாண்டியதும் ஒரு திடீர் ரத்தக்காட்சி வரும். சத்தமில்லை, ஆனால் அதிர்ச்சி பலம். கடைசி ஷாட்டில் அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள். பள்ளிப் படிக்கட்டின் இடப்பக்கத்தைப் பாருங்கள். போன் திரையில் பார்த்தால் அது நிச்சயம் தப்பிவிடும்.

‘தி கான்வர்சேஷன்’ (1974, கொப்போலா) ஒட்டுக்கேட்பவனின் கதை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்பதில்தான் மொத்த மர்மமும். ஹெட்போன் போட்டுப் பாருங்கள், ஆனால் ஹோட்டல் அறைக் காட்சி வரும்போது ஒலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

டச்சுப் படமான ‘ஸ்போர்லோஸ்’ (1988) குற்றவாளி யார் என்பதைச் சீக்கிரமே காட்டிவிடும். அப்படியும் பதற்றம் குறையாது. மூடிய இடம் என்றாலே மூச்சு முட்டுபவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம். இதே இயக்குநர் 1993-இல் அமெரிக்காவில் மறுபடி எடுத்தது முடிவை மாற்றிய படம். அதைத் தவறிப்போய்ப் போட்டுவிடாதீர்கள்.

இனி, இதே பட்டியல்களில் அடிக்கடி இடம்பிடித்து ஏமாற்றும் சில படங்கள். ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ (2001) அருமையான புதிர், ஆனால் தொடக்கத்திலேயே உணவகத்தின் பின்புறம் இருவர் நடந்துபோகும் காட்சி பேர்போன ஜம்ப் ஸ்கேர். அவர்கள் வெளியே இறங்கியதும் மியூட் செய்தால் போதும், கதைக்கு நஷ்டமில்லை. ‘ஷட்டர் ஐலண்ட்’ (2010) படத்தில் தீக்குச்சி வெளிச்சத்தில் மனநல மருத்துவமனையின் சி வார்டுக்குள் போகும் பகுதி மட்டும் கவனம். ‘பிளாக் ஸ்வான்’ (2010) உங்களுக்கு வேண்டவே வேண்டாம். கண்ணாடியும் நிழலுமாக நெடுகத் திடுக்கிடல்தான்.

பட்டியலில் இல்லாத படம் என்றால் முன்கூட்டியே wheresthejump.com தளத்தில் பெயரைத் தேடுங்கள். திடுக்கிடல் எந்த நிமிடத்தில் வருகிறது என்று நேரத்தோடு குறித்திருப்பார்கள். வாசகர் கருத்துகளைப் படிக்காதீர்கள், முடிவு அம்பலமாகிவிடும். டிவியில் நைட் மோட் இருந்தால் போட்டுவிடுங்கள். உரத்த ஒலி அடங்கி, முணுமுணுப்பு வசனம் தெளிவாகும்.