கவிக்கு, பன்னிரண்டு அடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது

கவி,

இப்போது மணி 11.40. வாழ்த்தை இருபது நிமிடம் முன்னாலேயே அனுப்புகிறேன். தெரிந்துதான். ஐந்து வருடமாக ஆகஸ்ட் 1 பிறக்கும்போது உனக்கு முதல் போன் யாரிடமிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். நான் அடித்தால் 'வெயிட்டிங்' என்றுதான் வரும். என் முறைக்காகக் காத்திருந்து, பாதித் தூக்கத்தில் 'ஹேப்பி பர்த்டே டி' என்று உளறிவிட்டுப் படுத்துவிடுவேன். இன்றைக்கு அந்தப் பன்னிரண்டு மணியை நீ போனைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன். மெதுவாகப் படி. முடிப்பதற்குள் தேதி மாறியிருக்கும்.

பிறந்தநாள் வாழ்த்துகள் டி. 29 ஆகிவிட்டது, இனியாவது சாவியை எங்கே வைத்தோம் என்று ஞாபகம் இருக்கட்டும்.

ஸ்டேட்டஸில் போட ஒரு படம் தேடி நேற்று ராத்திரி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ நன்றாகச் சிரிக்கிற படம் எல்லாவற்றிலும் செந்தில் இருக்கிறான். மலைக்கோட்டை உச்சியில் எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? நானூறு சொச்சம் படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு, பின்னால் காவிரியும் ஸ்ரீரங்கத்துக் கோபுரமும் தெரிய, நீ பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாயே, அது. அதில் அவனை மட்டும் வெட்டிப் பார்த்தேன். உன் தோளில் ஒரு கை மட்டும் தொங்கிக்கொண்டு நின்றது. பார்க்கவே பயமாக இருந்தது. உடனே பழையபடி ஆக்கிவிட்டேன். வெட்டுகிற உரிமையும் எனக்கு இல்லை. அந்தப் படமும் அந்த நாளும் உங்கள் இரண்டு பேருடையது, ஓரமாகக் கொஞ்சம் என்னுடையது. அது அப்படியே என் போனில் இருக்கும். எப்போதாவது வேண்டுமென்றால் கேள், வேண்டாம் என்றால் என் கண்ணிலேயே படாது என்று வைத்துக்கொள்.

கடைசியில் போட எடுத்தது ஹாஸ்டல் படம். உன் பத்தொன்பதாவது பிறந்தநாள். கேக் வாங்கக் காசு இல்லை, பன் பட்டர் ஜாம்தான். கரண்ட் போனால் ஏற்றுகிற தடி மெழுகுவத்தியை அதன் நடுவில் குத்தினோம், பன் இரண்டாகப் பிளந்துவிட்டது. தீப்பெட்டிக்கு மெஸ் அக்காவிடம் கெஞ்சினோம். எட்டுக் குச்சி இருந்தது, ஏழு ஃபேன் காற்றில் போயிற்று. ஃபேனை அணைக்கலாம் என்று மூன்று பேரில் ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை பார். படித்துக் கிழித்த லட்சணம். எட்டாவது குச்சியில் நீ சிரித்த சிரிப்புதான் நாளைக்கு என் ஸ்டேட்டஸ்.

சரி, ஒரு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. ஜூன் மாதம் நீ போன் செய்து சொன்னபோது, 'எல்லாம் நல்லதுக்குத்தான் டி' என்று சொன்னேன். நீ ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு பத்து நாள் உன்னிடமிருந்து மெசேஜ் இல்லை. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது, என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று. பிறகுதான் உறைத்தது. சாதம் கொட்டிவிட்டது என்று அழுகிற பிள்ளையிடம் காக்காய் சாப்பிடும் என்று சொன்ன மாதிரி இருந்திருக்கிறது. எது நல்லதுக்கு என்று எனக்கு என்ன தெரியும். பதில் சொல்லத் தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். மன்னித்துக்கொள். அந்த வார்த்தை இனி வராது. அதன் அக்கா தங்கச்சிகளான 'காலம் ஆற்றும்', 'உனக்கு இதைவிட நல்லவன் வருவான்' இரண்டையும் சேர்த்தே கட்டிப் பரணில் போட்டுவிட்டேன்.

அப்புறம், செந்திலைப் பற்றி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவனுடன் நான் பேசுவதை நிறுத்தவில்லை. உங்கள் இரண்டு பேரையும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தவளே நான்தான், எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிறுத்துவேன்? போன மாதம் வந்திருந்தான். ஏதோ சொல்ல ஆரம்பித்தான், நான் 'இரு, டீ சொல்லிவிட்டு வருகிறேன்' என்று எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது கிரிக்கெட் பேசினோம். என்ன நடந்தது என்று உன்னையும் நான் கேட்கவில்லை, அவனையும் கேட்கவில்லை. அக்கறை இல்லாமல் இல்லை. கேட்டால் மனசு தராசைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும், என் மனசை எனக்குத் தெரியும். இரண்டு நல்ல மனிதர்களை நிறுத்துப் பார்க்கிற வேலை எனக்கு வேண்டாம்.

அதனால் உனக்கு வாயைக் கட்ட வேண்டியதில்லை. அவனைத் திட்ட வேண்டுமா, திட்டு, கேட்டுக்கொள்கிறேன். 'ஆமாம் அவன் அப்படித்தான்' என்று எடுத்துக்கொடுக்க மட்டும் மாட்டேன். அவன் ஞாபகம் வருகிறது, குரல் கேட்க வேண்டும்போல் இருக்கிறது என்றாலும் சொல். 'இன்னுமா?' என்று கேட்க மாட்டேன். காலையில் திட்டி சாயங்காலம் அழுதாலும் கணக்கு வைத்துக்கொள்ள மாட்டேன். இங்கே சொன்னது அங்கே போகாது, அங்கே சொன்னது இங்கே வராது. அவன் எப்படி இருக்கிறான் என்று நீயாகக் கேட்டால் 'இருக்கிறான்' என்பேன். அதற்கு மேல் என்னிடமிருந்து பெயராது. அவனுக்கும் இதே கணக்குதான், சொல்லிவிட்டேன்.

நம் மூன்று பேர் குரூப்பை நேற்று திறந்து பார்த்தேன். யாரும் வெளியேறவில்லை. கடைசியாகக் கிடப்பது நான் மே மாதம் போட்ட மாம்பழப் படம். 'எங்கே வாங்கினே' என்றுகூட யாரும் கேட்கவில்லை, கிலோ 120 கொடுத்து வாங்கியது. அதை நான் கலைக்கப் போவதில்லை, அதில் உனக்கு வாழ்த்தும் போடப் போவதில்லை. நீ வெளியேறினாலும் சரி, அப்படியே கிடக்கட்டும் என்று விட்டாலும் சரி, நான் எதுவும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

நாளைக்கு ஆபீஸில் கேக் வெட்டச் சொல்வார்கள். 'என்ன ஸ்பெஷல், யாரோடு டின்னர்' என்று விஷயம் தெரியாதவர்கள் யாராவது கேட்டுவிடுவார்கள். கேட்டால் 'சனிக்கிழமை ஊரிலிருந்து ஆள் வருகிறது' என்று சொல்லிவிடு. பொய் இல்லை. நான்தான் அந்த ஆள். பல்லவனில் டிக்கெட் போட்டாயிற்று. மதியவாக்கில் எழும்பூர், அங்கிருந்து பார்க் டவுன் போய்ப் பறக்கும் ரயிலைப் பிடித்துத் திருவான்மியூர் வந்துவிடுவேன். நீ ஸ்டேஷனுக்கெல்லாம் வராதே. வீட்டைப் பெருக்காதே. பாத்திரம் சிங்க்கில் கிடந்தால் கிடக்கட்டும், பேசிக்கொண்டே நான் தேய்க்கிறேன். எனக்குக் கை சும்மா இருந்தால் வாய் அறிவுரை சொல்லும், அதற்குப் பாத்திரம் மேல்.

ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பெருக்கு. அம்மா மண்டபத்துக்கு வா என்று உன் சித்தி கூப்பிட்டார்களாமே. நீ வேலை இருக்கிறது என்று சொன்னது நல்லதாகப் போயிற்று. படித்துறை முழுக்கப் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் கயிறு மாற்றிக்கொண்டிருப்பார்கள். உன் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டே சித்தி 'அடுத்த வருஷமாவது...' என்று ஆரம்பிப்பார்கள். பாவம், அவர்கள் பிரியத்தில்தான் சொல்வார்கள். ஆனால் இந்த வருடம் அதைக் கேட்கிற தெம்பு உனக்கு வேண்டாம். காவிரி எங்கும் போகாது, அடுத்த ஆடிக்கும் ஓடும். என் அம்மா சனிக்கிழமை விடியற்காலையிலேயே புளியோதரையும் தேங்காய் சாதமும் கிளறித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். காப்பரிசி தனி டப்பாவில். வெல்லம் கூட, தேங்காய்ப் பல் நிறைய, உனக்குப் பிடித்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவோம். ஆறு இல்லாவிட்டால் என்ன, தண்ணீர்தானே.

உன் அம்மா எனக்கு போன் செய்தார்கள். திகைத்துவிட்டேன், எதையோ விசாரிக்கப் போகிறார்கள் என்று. 'கவி ஒழுங்கா சாப்பிடுறாளாம்மா?' அவ்வளவுதான் கேட்டார்கள். சாப்பிடுகிறாள் அம்மா என்று சொல்லிவைத்தேன், எனவே சாப்பிடு, என்னைப் பொய்க்காரி ஆக்காதே. நட்சத்திரப் பிறந்தநாளுக்கு அர்ச்சனை செய்யப் போகிறார்களாம். முழங்கால் வலியில் உச்சிக்கு ஏற முடியாது, கீழே மாணிக்க விநாயகரிடமே சதயம், கும்ப ராசி, கவிதா என்று சொல்லிவிடப் போகிறார்கள். அதற்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. யோசித்துப் பார், நமக்கு மட்டும்தான் இந்த வசதி. நாளை பிடிக்காமல் போய்விட்டால், அழுதுகொண்டே போய்விட்டால், இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பத்து நாளில் இன்னொரு பிறந்தநாள் வருகிறது, அதைக் கொண்டாடிக்கொள்ளலாம். அதுவும் சரியில்லை என்றால் அப்போது பார்ப்போம்.

ஒன்று மட்டும் தைரியமாகச் சொல்வேன், ஏனென்றால் அதை நானே பார்த்தேன். இந்த இரண்டு மாதத்தில் நீ ஒருநாள்கூட வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. என் தம்பிக்கு இன்டர்வியூ என்றதும் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து அவனுக்குக் கேள்வி கேட்டுக் கொடுத்தாய். உன் குரல் கம்மியிருந்ததை அவன் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது, நாளைக்கு உன்னைக் கூப்பிடுவான், எடுத்துப் பேசு. மற்ற போன் எதையும் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. எனக்கும் பதில் எழுத வேண்டாம். நீல டிக் வந்தால் போதும்.

மணி இப்போது பன்னிரண்டு தாண்டியிருக்கும், பார்.

சனிக்கிழமை பன்னும் மெழுகுவத்தியும் நான் கொண்டுவருகிறேன். உன் அடுப்பு லைட்டரில் மெழுகுவத்தி பற்றாது. தீப்பெட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வை. ஃபேனை இந்தத் தடவை நானே அணைத்துவிடுகிறேன்.

மல்லி