பதினொன்றாம் வகுப்பு அலகுத் தேர்வு: திருக்குறள் விடைத்தாள்

பாடம்: தமிழ் (செய்யுள்)
நேரம்: 45 நிமிடம்
மதிப்பெண்: 20

1. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால்
கோடாமை சான்றோர்க் கணி.'
பொருளும் கருத்தும் எழுதி, அணியைச் சுட்டுக. (4)

நடுவு நிலைமை அதிகாரத்துக் குறள் இது. துலாக்கோல் முதலில் தான் சமமாக நிற்கிறது. அதன் பிறகே தன்மேல் வைத்த பொருளின் எடையைக் காட்டுகிறது. அதுபோல ஒரு பக்கம் சாயாமல் இருப்பதே சான்றோர்க்கு அழகு.

வழக்கைக் கேட்கும் முன்பே நடுவர் தம் மனத்தைச் சமமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது கருத்து. ஆனால் இருவருக்கும் பாதிப் பாதி பிரித்துக் கொடுத்துச் சமாதானம் செய்வது நடுவு நிலைமை ஆகாது. எடை கூடிய பக்கம் கோல் தாழத்தான் செய்யும். அதைத் தாழவிடுவதும் நடுவு நிலைமையே.

அணி: உவமை அணி. உவம உருபு: போல்.

2. 'தொடிப்புழுதி கஃசா உணக்கின் பிடித்தெருவும்
வேண்டாது சாலப் படும்.'
'ஏரினும் நன்றால் எருவிடுதல் கட்டபின்
நீரினும் நன்றதன் காப்பு.'
இவ்விரு குறள்களும் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா? பொருள் கூறி விளக்குக. (8)

ஒரு பலம் எடையுள்ள புழுதி கால் பலமாகும்படி நிலத்தை உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் இல்லாமல் பயிர் செழிக்கும் என்கிறது முதல் குறள். உழுவதைவிட எருவிடுதல் நல்லது, களை எடுத்த பின் நீர் பாய்ச்சுவதைவிடக் காவல் நல்லது என்கிறது அடுத்தது. எருவே வேண்டாம் என்றவர் மறு குறளிலேயே எரு உழவைவிட மேல் என்கிறாரே என்று முதலில் திகைக்கத்தான் தோன்றும்.

முரண் இல்லை என்பதே என் விடை. முதல் குறள் உழவின் ஆற்றலை உயர்த்திச் சொல்கிறது. அரையும் குறையுமாக உழுதுவிட்டு எருவை நம்புகிறவனுக்கான பேச்சு அது. எங்கள் பக்கம் மானாவாரிக் காட்டில் கோடை மழைக்கு உழுது, கட்டி புரட்டி, வெயிலில் காயவிடுவார்கள். களையின் வேரும் புழுவின் கூடும் மேலே வந்து காய்ந்து சாகும். அடுத்த மழை ஓடாமல் மண்ணுக்குள் இறங்கும். சோளத்துக்கும் கொள்ளுக்கும் அந்த உழவே பாதி விளைச்சல்.

இரண்டாவது குறள் பண்ணையத்தின் எல்லா வேலைகளையும் வரிசையில் வைக்கிறது. உழுதல், எருவிடுதல், களை கட்டல், நீர் பாய்ச்சுதல், காத்தல் ஆகிய ஐந்தும் வேண்டும் என்பது பரிமேலழகர் உரை. 'நன்று' என்பதால் உழவும் நீரும் தாழ்ந்தவை ஆகிவிடா. முந்தைய வேலையோடு நின்றுவிடாதே என்பதே குறிப்பு. மஞ்சள் போட்ட தோட்டத்தில் உழவோடு நிறுத்தினால் கிழங்கு விரல் தடிமன்கூட வராது. அதற்காகத்தான் முன்கூட்டியே வயலில் ஆட்டுப்பட்டி போடுகிறார்கள்.

காவலைக் கடைசியில் வைத்து, நீரைவிட உயர்த்தியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வாய்க்கால் முறைத் தண்ணீருக்காக இரவெல்லாம் விழித்துப் பாய்ச்சிய நிலக்கடலையை ஒரு கூட்டம் காட்டுப்பன்றி ஒரே இரவில் கிளறிப்போட்டால், பாய்ச்சிய நீரும் சேர்ந்து போயிற்று. எங்கள் அப்பாரு அறுவடை வரை சாளையில்தான் படுப்பார்.

கருத்து: எடுத்த செயலைத் தொடக்கத்தில் செம்மையாகச் செய்ய வேண்டும், பயன் கைக்கு வரும்வரை காக்கவும் வேண்டும்.

3. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்.'
இக்குறள் யாருக்கான எச்சரிக்கை? அணியுடன் விளக்குக. (8)

மயில்தோகை ஏற்றிய வண்டியே ஆனாலும், அதையே அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறிந்துவிடும் என்பது பொருள். சாகாடு என்பது வண்டி.

கல்லையோ நெல் மூட்டையையோ சொல்லாமல் தோகையைச் சொன்னதில்தான் குறளின் கூர்மை இருக்கிறது. கல் ஏற்றும்போது எல்லாரும் கணக்குப் பார்ப்பார்கள். எங்கள் தோட்டத்தில் மயில் உதிர்த்த தோகைகளைப் பொறுக்கிக் கட்டினால், கட்டு கை கொள்ளாமல் வருமே தவிரக் கனக்காது. அதனால்தான் 'இன்னும் ஒன்று' என்று அடுக்கத் தோன்றுகிறது.

வலியறிதல் அதிகாரத்தில் வருவதால் எச்சரிக்கை அரசனுக்கு. எளியவர்தாமே என்று பலரையும் பகைத்துக்கொண்டால், அவர்கள் ஒன்றுசேரும்போது வலியவனும் அழிவான் என்று பரிமேலழகர் விளக்குகிறார். அரசன் இல்லாத இக்காலத்தில் கடன் வாங்குவோருக்கும் இது பொருந்தும் என்பேன். விதைக்கு ஒரு கடன், மோட்டாருக்கு ஒரு கடன், சீர் வரிசைக்கு ஒரு கடன். தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிதில்லை. ஆனால் எல்லாத் தவணையும் விழுவது ஒரே மாதத்தில்.

வண்டியைப் பற்றி மட்டும் கூறி, சொல்ல வந்த அரசனைச் செய்யுளில் எங்கும் குறிப்பிடாமல் நம்மை உணரவைத்ததால், இது பிறிதுமொழிதல் அணி.