பகுதி 5: வாய்ச்சொல் வழியாக வேலை பெருக்கும் திட்டம்
(கீழக்கரை ஏசி, பிரிட்ஜ் சர்வீஸ் கடை, கடன் விண்ணப்பத்துடன் இணைக்கும் தொழில் திட்டம்)

விளம்பரத்துக்கு எங்களால் மாதம் 2,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும். கடை வாடகை, இரண்டு பையன்களின் சம்பளம், பெட்ரோல் போக மிஞ்சுவதை வேக்கம் பம்புக்கும் நைட்ரஜன் சிலிண்டருக்கும் சேர்த்து வைக்கிறோம். அதனால் இந்த 2,000 ரூபாயும் எங்கள் பெயரை ஊரில் நாலு பேர் சொல்ல வைப்பதற்கே செலவாக வேண்டும்.

இப்போது வேலை எங்கிருந்து வருகிறது

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வேலைப் புத்தகத்தில் 214 வேலைகள் பதிவாகியிருக்கின்றன. 87 பழைய வாடிக்கையாளர்கள். 36 பேர் போர்டைப் பார்த்து வந்தவர்கள். மீதி 91 பேரும் யாரோ சொல்லி வந்தவர்கள். அந்த 91-ல் 29 பேருக்கு அண்டை வீட்டுப் பெண்கள் சொன்னார்கள், 24 பேரை எலக்ட்ரீஷியன்களும் பிளம்பர்களும் அனுப்பினார்கள். 38 வேலைகள் வெளிநாட்டிலிருந்து வந்த போன் மூலம் கிடைத்தவை.

இந்தக் கடைசி எண்ணிக்கைதான் எங்கள் திட்டத்துக்கு அடிப்படை. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் பல வீடுகளில் ஆண்கள் சபுரில், அதாவது வெளிநாட்டு வேலையில் இருக்கிறார்கள். ஏசி ஓடவில்லை என்று உம்மா துபாய்க்குச் சொல்வார், மகன் அங்கிருக்கும் ஊர்க்காரர்களிடம் "யாரை அனுப்பலாம்?" என்று கேட்பான், அப்புறம்தான் எங்களுக்கு போன் வரும். வேலை நடப்பது ஒரு தெருவில், அதைப் பற்றிய பேச்சு நடப்பது கடல் தாண்டி. பணம் கொடுப்பவர் எங்கள் வேலையைக் கண்ணால் பார்ப்பதில்லை. அவருக்குக் காட்டுவது எங்கள் பொறுப்பு.

என்ன காட்டுவோம்

எங்கள் கரையில் அவுட்டோர் யூனிட்டைக் கெடுப்பது உப்புக்காற்று. அதன் மெல்லிய தகடுகளில் உப்புப் படிந்து அலுமினியம் பொடியாகும், செம்புக் குழாயில் ஊசிமுனை ஓட்டை விழும். ஓட்டையை அடைக்காமல் கேஸை மட்டும் ஏற்றிவிட்டுப் போனால் சில வாரங்களில் மறுபடி குளிர் இறங்கும், மறுபடி பணம் கேட்பார்கள். ஊரில் ஏசி மெக்கானிக் என்றாலே சந்தேகமாகப் பார்ப்பதற்கு இதுதான் காரணம். அதனால் ஒவ்வொரு கேஸ் வேலையிலும் மூன்று படம் எடுப்போம்: ஓட்டை இருந்த இடம், பற்றவைத்த பின் அதே இடம், நைட்ரஜன் ஏற்றி அரை மணி நேரம் கழித்தும் அழுத்தம் இறங்கவில்லை என்று காட்டும் கேஜின் முள். இந்தப் படங்கள் ரசீதோடு அன்றே வெளிநாட்டு எண்ணுக்குப் போகும்.

வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால் எங்கள் ஆட்கள் இருவராகத்தான் போவார்கள். போகும் முன் போன் செய்து, வருபவர் பெயரையும் படத்தையும் அனுப்புவார்கள். இதற்குச் செலவே இல்லை. ஆனால் "அந்தக் கடைப் பிள்ளைகள் மரியாதையாக வந்து போவார்கள்" என்று ஒரு லாத்தா சொல்லும் வார்த்தைக்கு ஈடாக எந்த நோட்டீஸும் இல்லை.

எப்போது கேட்போம்

பணம் வாங்கும்போது கேட்க மாட்டோம். அந்த நேரத்தில் வாடிக்கையாளரின் மனசு பில்லில் இருக்கும். மூன்று நாள் கழித்து வீட்டுக்குப் போன் செய்து "நல்லா குளிருதா உம்மா, தண்ணி எங்கேயும் சொட்டலையே?" என்று விசாரிப்போம். நன்றாக இருக்கிறது என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகே மகனுக்கு இந்தச் செய்தி போகும்:

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. உம்மாவிடம் இப்போதுதான் பேசினோம். ஏசி நன்றாகக் குளிர்கிறது, தண்ணீர் கசிவு இல்லை என்றார்கள். 30 நாளுக்குள் இதே கோளாறு வந்தால் காசு வாங்காமல் வந்து பார்ப்போம். உங்கள் சொந்தக்காரர், கூட்டாளிகள் வீட்டில் வேலை இருந்தால் எங்கள் எண்ணைக் கொடுங்கள். அந்த வேலை முடிந்ததும் உம்மா வீட்டு அவுட்டோர் யூனிட்டை ஒருமுறை இலவசமாகக் கழுவித் தருகிறோம்."

மற்ற வீடுகளுக்கு 'வணக்கம் அண்ணன்' என்று தொடங்கும், மீதி அப்படியே. ஒருவருக்கு ஒருமுறைதான் அனுப்புவோம்.

பரிசு ஏன் பணமாக இல்லை

காசு கொடுத்தால் சொல்பவரின் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். 'கமிஷனுக்காகச் சொன்னான்' என்ற பேச்சு ஒரு நிக்காஹ் வீட்டில் எழுந்தால் போதும். கழுவும் வேலைக்கு நாங்கள் வாங்குவது 600 ரூபாய், எங்களுக்கு ஆகும் செலவு சுமார் 150. இங்கே பல வீடுகளில் போர்த் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு ஏற்றியது போல ஆகும் என்பதால் நல்ல தண்ணீரைக் கேனில் கொண்டுபோவோம், அந்தச் செலவும் இதில் அடக்கம். மாதம் 12 கழுவலுக்கு 1,800 ரூபாய். ஸ்டிக்கருக்கு 200. 12-க்கு மேல் வந்தால் அடுத்த மாதம் முதல் வாரத்தில் செய்து தருவோம். ஒரு வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான்.

ஸ்டிக்கரில் கழுவிய தேதி, அடுத்த தேதி, எங்கள் எண். அவுட்டோர் யூனிட்டில் ஒட்டிப் பார்த்தோம், வெயிலில் எழுத்து வெளுத்துவிட்டது. இனி பிரிட்ஜின் பக்கவாட்டில், கண் மட்டத்தில் ஒட்டுவோம். பக்கத்து வீட்டுக்காரர் அடுப்படியில் நின்று பேசும்போது கண்ணில் படுவது அதுதான்.

எலக்ட்ரீஷியன்களுக்கும் கமிஷன் இல்லை. கொடுத்தால் அது வாடிக்கையாளர் பில்லில்தான் ஏறும். பதிலுக்கு, நாங்கள் போகும் வீட்டில் வயரிங், எர்த் குறை தெரிந்தால் அவர்களில் ஒருவரைத்தான் சொல்வோம். அவர்கள் அனுப்பும் வேலைக்கு அன்றே ஆள் போகும். போன ஆறு மாதத்தில் பதிலுக்கு நாங்கள் அவர்களுக்கு அனுப்பிய வேலைகள் 9 மட்டுமே. 24 வாங்கி 9 கொடுத்திருக்கிறோம், அது சரியில்லை.

கெட்ட பேச்சு

போன வருடம் ஒரு வீட்டில் எங்கள் பையன் டிரெய்ன் குழாயைச் சரியாக மாட்டாமல் வந்துவிட்டான். இரவெல்லாம் தண்ணீர் வழிந்து, கல்யாணத்துக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர் உப்பிவிட்டது. நான் மறுநாள் போகவில்லை, அடுத்த வேலை இருக்கிறது என்று இரண்டு நாள் தள்ளிப் போனேன். விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சுவரைப் பார்த்தார்கள். அந்தத் தெருவிலிருந்து நான்கு மாதம் ஒரு போன்கூட வரவில்லை. குழாயைவிட அந்த இரண்டு நாள்தான் எங்களைக் கெடுத்தது. இனி எங்கள் தவறு என்று புகார் வந்தால் அன்றைக்குள் நானே நேரில் போவேன். சுவர், மரச்சாமான் சேதத்தைச் சரிசெய்ய லாபத்திலிருந்து மாதம் 1,000 ரூபாய் தனியாக வைப்போம்.

எந்த மாதம், எந்த ஊர்

நோன்புக்கு இரண்டு வாரம் முன்பு பிரிட்ஜ் வேலை குவியும். கோடை விடுமுறைக்குச் சபுரில் இருப்பவர்கள் ஊருக்கு வரும்போது பூட்டிக் கிடந்த வீடுகளின் ஏசி வேலை வரும். இரண்டுக்கும் முன்னதாகப் பழைய வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்வோம். ஏர்வாடியில் தர்காவைச் சுற்றியுள்ள லாட்ஜுகளைச் சந்தனக்கூடு விழாவுக்கு ஒரு மாதம் முன்பே நேரில் பார்ப்போம். ஒரு லாட்ஜ் மேனேஜர் திருப்திப்பட்டால் பக்கத்து லாட்ஜுக்கும் சொல்வார். ராமநாதபுரம் டவுனுக்கு இந்த வருடம் போகவில்லை. அங்கே எங்களுக்காகச் சொல்ல ஆள் இல்லை, கடைகளும் அதிகம்.

கணக்கு

வேலைப் புத்தகத்தில் 'யார் சொன்னது' என்ற பத்தி நிரப்பாமல் எந்த வேலையும் பதிவாகாது. பிறர் சொல்லி வரும் வேலை இப்போது மாதம் சராசரி 15. ஆறு மாதத்தில் 20, ஒரு வருடத்தில் 25 ஆக வேண்டும். 30 நாளுக்குள் திரும்ப அழைக்கும் வேலை நூற்றுக்கு மூன்றைத் தாண்டினால், அந்த மாதம் யாரிடமும் பரிந்துரை கேட்க மாட்டோம், வேலையைச் சரிசெய்வோம். ஆறாவது மாத முடிவில் 18-ஐயும் தொடாவிட்டால் இலவசக் கழுவலை நிறுத்தி, அந்த 1,800 ரூபாயைப் பெரியபட்டினத்தில் வாரம் ஒருநாள் இலவசமாக ஏசி, பிரிட்ஜ் பார்த்துச் சொல்லப் போகும் செலவுக்கு மாற்றுவோம்.