விபத்து விவரமும் சேத விவரமும்: சொந்த வாகனச் சேதத்துக்கான கோரிக்கை

விபத்து நடந்த நாள், நேரம்

2025 நவம்பர் 17, திங்கட்கிழமை, காலை சுமார் 9.10 மணி.

நேரத்தைப் பற்றி ஒரு விளக்கம் இப்போதே சொல்லிவிடுகிறேன். இத்துடன் ஏற்றியிருக்கும் டேஷ்கேம் காட்சியின் மூலையில் 8.57 என்று ஓடும். அந்தக் கேமராவின் கடிகாரம் 13 நிமிடம் பின்தங்கியிருக்கிறது. பேட்டரி மாற்றியபோது சரிசெய்யாமல் விட்டது என் தவறு. கைபேசியில் எடுத்த முதல் படம் 9.16-க்குப் பதிவாகியிருக்கிறது, அதுதான் சரியான நேரம். இடித்ததற்கும் முதல் படத்துக்கும் நடுவில் ஐந்தாறு நிமிடம் போனது, அம்மாவுக்கு ஏதும் அடிபட்டதா என்று பார்த்ததிலும் பின்னால் நின்ற வண்டிகளுக்கு வழி விட்டதிலும்.

விபத்து நடந்த இடம்

திருச்சி, புத்தூர், வயலூர் சாலை, பின்கோடு 620017. வயலூரிலிருந்து புத்தூர் நாலு ரோடு நோக்கி வரும்போது, பிஷப் ஹீபர் கல்லூரி நுழைவாயிலைத் தாண்டிச் சுமார் 150 மீட்டரில். இடது பக்கம் ஒரு டீக்கடை, அதை ஒட்டி ஒரு சந்து பிரிகிறது. சந்து முனைக்கு நேர் எதிரே, சாலையின் இடது பாதியில் நடந்தது.

படிவத்தில் உள்ள வரைபடத்தில் குறியை எங்கே வைத்தாலும் அது கல்லூரி வாசலுக்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. எனவே வரைபடக் குறியை விட்டுவிட்டு, மேலே எழுதியிருப்பதையே இடமாக எடுத்துக்கொள்ளவும். முதல் படத்தில் டீக்கடையும் சந்து முனையும் தெரிகின்றன.

எப்படி நடந்தது

கார்த்திகை முதல் நாள் என்பதால் அம்மாவை வயலூர் முருகன் கோயிலுக்கு அழைத்துப் போய்விட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டியை ஓட்டியது நான்தான், உரிமம் நடப்பில் உள்ளது. அம்மா முன் இருக்கையில் இருந்தார். இருவரும் சீட் பெல்ட் போட்டிருந்தோம். மழை இல்லை. மாலை போட வந்தவர்களின் வண்டிகளால் சாலையில் நெரிசல், மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் யாராலும் போக முடியவில்லை.

எனக்கு முன்னால் வாழைத்தார் ஏற்றிய குட்டியானை ஒன்று போனது. தார்கள் வெளியே நீண்டிருந்ததால் பின் கதவை மூடாமல், சங்கிலியில் படுக்கையாகத் தொங்க விட்டிருந்தார்கள். ஓட்டுநர் அந்தச் சந்தைத் தாண்டிப் போன பிறகுதான் கவனித்தார் போல, திடீரென்று நிறுத்தினார். நானும் பிரேக் போட்டு, மூன்று நான்கு அடி இடைவெளியில் முழுதாக நின்றுவிட்டேன். அப்புறம் அவர் ரிவர்ஸ் எடுத்தார். ஹாரன் அடித்தேன். எனக்குப் பின்னால் ஒரு ஆட்டோ ஒட்டி நின்றதால் பின்னே நகர வழியில்லை. நின்றுகொண்டிருந்த என் காரின் முன்பக்கத்தில் வலப்பாதியில் வந்து இடித்தார். நான் பின்னால் போய் மோதவில்லை. காட்சியின் 14-ஆம் விநாடியில் என் கார் நிற்பதும், 19-ஆம் விநாடியில் அந்த வண்டி பின்னோக்கி வருவதும் பார்க்கலாம்.

யாருக்கும் காயம் இல்லை. குட்டியானைக்கும் சேதம் இல்லை. ஓட்டுநர் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார், 500 ரூபாய் நீட்டினார். வாங்கவில்லை, சமாதானமாக எதுவும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. அவர் வண்டியின் எண் இரண்டாம் படத்தில் தெளிவாக இருக்கிறது. காயமோ மூன்றாம் நபருக்கு இழப்போ இல்லாததால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவில்லை.

சேதம்

வண்டி: வெள்ளை நிற வேகன் ஆர், 2021 மாடல். பதிவு எண்ணும் பாலிசி எண்ணும் முந்தைய பக்கத்தில் நிரப்பியாயிற்று.

சேதம் இரண்டு வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் இரண்டு தடவை இடிபட்டதோ என்று பார்ப்பவருக்குத் தோன்றலாம். ஒரே இடிதான். படுக்கையாக நீட்டிக்கொண்டிருந்த பின் கதவின் விளிம்பு மேலே பட்டது, அந்த வண்டியின் பின் கம்பி கீழே பட்டது.

மேலே: பானெட்டின் முன் விளிம்பில், வலது மூலையிலிருந்து உள்நோக்கி ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு மடிந்து உள்வாங்கியிருக்கிறது. பெயின்ட் உரிந்து தகரம் தெரிகிறது. பானெட் திறந்து மூடுகிறது, ஆனால் மூடிய பிறகு வலப்பக்கம் ஒரு விரல் இடைவெளி நிற்கிறது. வலது ஹெட்லைட்டின் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டு, மேல் காது ஒன்று உடைந்து ஆடுகிறது. விளக்கு எரிகிறது. வலது ஃபெண்டர் ஹெட்லைட்டைத் தொடும் இடத்தில் நசுங்கியிருக்கிறது.

கீழே: முன் பம்பரின் வலப்பக்கம் கிழிந்து, கிளிப்பை விட்டு வெளியே வந்து தொங்குகிறது. கிரில்லில் இரண்டு பட்டை ஒடிந்துவிட்டது.

நான்காம் படத்தில் பானெட் மேல் பழுப்பாகத் தெரிவது துருவோ ஆயிலோ இல்லை, வாழைச்சாறு. துணியில் பட்டாலே போகாத கறை. சர்வேயர் பார்க்கட்டும் என்று துடைக்காமல் விட்டிருக்கிறேன்.

ரேடியேட்டரில் கசிவு இல்லை. ஏர்பேக் விரியவில்லை. முன் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. எண் தகடு சற்று வளைந்தது, கையாலேயே நிமிர்த்திவிட்டேன், அதற்கு எதுவும் கேட்கவில்லை. இடது பின் கதவில் உள்ள நீளக் கீறல் பழையது, எங்கள் வீட்டு கேட் தூணில் உரசியது. அதுவும் இந்தக் கோரிக்கையில் சேராது.

மதிப்பீடும் வண்டி இருக்கும் இடமும்

அன்று காலை 11.30 மணிக்கு உங்கள் இலவச எண்ணில் அழைத்துத் தகவல் சொன்னேன். இணையத்தில் பதிவு செய்யச் சொன்னார்கள். ஒர்க்‌ஷாப் மதிப்பீடு மாலையில்தான் கைக்கு வந்தது, ஆகவே இன்று, நவம்பர் 18 அன்று, பதிகிறேன்.

மதிப்பீடு வரி உட்பட 19,120 ரூபாய்: பம்பர் 2,650, ஹெட்லைட் 3,480, கிரில் 1,290, பானெட் டிங்கரிங்கும் பெயின்ட்டும் 4,200, ஃபெண்டருக்கு அதே வேலை 3,600, பம்பர் பெயின்ட் 2,800, கழற்றி மாட்டும் கூலி 1,100. பம்பருக்கு உள்ளே இருக்கும் பிராக்கெட் வளைந்திருக்கிறதா என்பது கழற்றினால்தான் தெரியும் என்கிறார் மெக்கானிக். அப்படி இருந்தால் கூடுதல் மதிப்பீடு அனுப்புவேன்.

என் பாலிசியில் நில் டிப்ரிசியேஷன் இணைப்பு உண்டு, எனவே பிளாஸ்டிக் பாகங்களுக்கான 50 சதவீதக் கழிவு வராது என்று எடுத்துக்கொள்கிறேன். 1,500 சிசிக்கு உட்பட்ட கார் என்பதால் கட்டாயக் கழிவு 1,000 ரூபாயை நானே செலுத்துகிறேன். மூன்று ஆண்டு கோரிக்கை இல்லாமல் சேர்ந்த 35 சதவீத போனஸ் இதனால் போகும் என்பதும் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதிகிறேன்.

கார் இப்போது தில்லைநகரில் உள்ள ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. முகவரி மதிப்பீட்டுத் தாளின் தலைப்பில் இருக்கிறது. சர்வே முடியும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சர்வேயர் எந்த நாள் வந்தாலும் சரி, காலை 10 மணிக்கு மேல் வந்தால் நானும் அங்கே இருப்பேன். வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அழைத்தால் போதும்.

இணைப்பு: படங்கள் 9, டேஷ்கேம் காட்சி 32 விநாடி, ஒர்க்‌ஷாப் மதிப்பீடு, ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. நகல்.