அக்காவின் முதல் கவர் பாட்டு வந்தாச்சு!

கேப்ஷன்:

திருவிழா மேடைகளில் சுசீலாவாகவும் ஜானகியாகவும் சித்ராவாகவும் பாடிய எங்கள் அக்கா, முதல் முறையாக அக்காவாகவே பாடியிருக்கிறார் 🎤
'மாலைப் பொழுதின் மயக்கத்திலே' கவர், யூடியூபில் இன்று முதல். லிங்க் பயோவில் இருக்கிறது. கேளுங்க, பிடிச்சா நாலு பேருக்கு அனுப்புங்க ❤️

மூலப் பாடல்: பாக்கியலட்சுமி (1961)
பாடியவர்: பி. சுசீலா
வரிகள்: கண்ணதாசன்
இசை: விஸ்வநாதன் - ராமமூர்த்தி

கவர்
குரல்: நம்ம அக்கா
கீபோர்டு, தபலா, மிக்ஸிங்: நம்ம கச்சேரிப் பசங்க

#கவர்பாட்டு #சுசீலாம்மா #மெல்லிசை #மதுரை

பதிவு:

மதுரைப் பக்கம் எங்கள் கச்சேரி கேட்டவர்களுக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். பெயர் தெரியாது, அது வேறு விஷயம். தபலாக்காரர் முதல் மைக்செட் அண்ணன் வரை எங்கள் குழுவில் எல்லோருக்கும் அவர் அக்காதான். கீபோர்டு வாசிக்கிற எனக்கும் அப்படியே.

ஆர்கெஸ்ட்ராவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ரெக்கார்டில் எப்படி இருக்கிறதோ, அப்படியே பாட வேண்டும். ஒரு சங்கதி கூடினாலும் குறைந்தாலும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் முகத்தைச் சுளிப்பார். "அப்படியே ரெக்கார்டு கேட்ட மாதிரி இருந்துச்சும்மா" என்பதுதான் அங்கே கிடைக்கிற பெரிய பாராட்டு. அக்கா அதை வேண்டிய மட்டும் வாங்கியாகிவிட்டது. ஆனால் அந்தப் பாராட்டில் அக்கா எங்கே இருக்கிறார்?

அதனால்தான் கவர் பண்ணலாம் என்று பேச்சு வந்ததும் நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "ரெக்கார்டு மாதிரி வேண்டாங்க்கா." அவர் சிரித்துவிட்டு இந்தப் பாட்டைச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சுசீலாம்மா பாட்டில் கைவைப்பதே வம்பு, அதிலும் இதுவா!

பாட்டு சந்திரகௌன்ஸ் ராகம். ரிஷபமும் பஞ்சமமும் கிடையாது. ஹிந்தோளத்துக்கும் இதற்கும் நிஷாதம் மட்டும்தான் வித்தியாசம், இங்கே அது சற்று உயர்ந்த காகலி நிஷாதம். அந்த ஒரு சுரம் கொஞ்சம் இறங்கினால் போதும், பாட்டு ஹிந்தோளத்துப் பக்கம் சாய்ந்துவிடும். மேடையில் டிரம்ஸும் கைதட்டலும் எதையாவது மூடிவிடும். இங்கே நாங்கள் வைத்திருப்பது கீபோர்டும் தபலாவும் மட்டும். மறைந்துகொள்ள இடமே இல்லை. அக்கா அந்த நிஷாதத்தில் போய் நிற்கிற இடங்களைக் கவனித்துக் கேளுங்கள்.

சுருதியைக் குறைத்திருக்கிறோம், வேகத்தையும்தான். மேடையில் மேல் சுருதியில் பாடிப் பாடியே பழகிய குரலுக்கு இப்படி ஓர் அடிப்பகுதி இருப்பது கூடவே வாசிக்கிற எங்களுக்கே தெரியாது. 'தோழி' என்று வருகிற இடமெல்லாம் கவனியுங்கள். மூலத்தில் இருக்கிற இழைப்பு இங்கே இல்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இன்னொருத்தியிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போகிறார். முதலில் எனக்கு அது கொஞ்சம் வெறுமையாகப்பட்டது. இப்போது அந்த இடத்துக்காகத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன்.

பதிவு செய்தது தபலாக்காரர் வீட்டு உள்ளறையில். ஜன்னலுக்கு ஜமுக்காளம், ஃபேனுக்கு ஓய்வு. வியர்த்துக் கொட்டியது என்பது வீடியோவிலேயே தெரியும், ஃபில்டர் எதுவும் போடவில்லை. உதடசைப்பும் இல்லை. பாடும்போது எடுத்த படம்தான் நீங்கள் பார்ப்பது.

"இதுல காசு வருமா தம்பி?" என்று சிலர் கேட்டார்கள். வராது. பழைய சினிமாப் பாட்டைக் கவர் பண்ணினால் உரிமை வைத்திருக்கும் கம்பெனி யூடியூபில் உரிமை கோரலாம். விளம்பர வருமானமும் அவர்கள் பக்கம் போய்விடும். அதுவும் போக, விளம்பர வருமானக் கணக்கைப் பற்றிப் பேசவே 1000 சப்ஸ்கிரைபராவது வேண்டும், நாங்கள் இருக்கிற இடத்துக்கு அது ரொம்ப தூரம். அக்காவுக்கு அந்தக் கவலை இல்லை. வீடியோவுக்குக் கீழே தன் பெயர் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். வந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் உங்களுக்கும் தெரிந்துவிடும்.

"சுசீலாம்மா மாதிரி இல்லை" என்று கமெண்ட் போட நினைப்பவர்கள் தாராளமாகப் போடலாம். நாங்களும் அதைத்தான் சொல்கிறோம்!

ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் தபலாவின் இடது கை சரியாகக் கேட்காது. அடுத்து எந்தப் பாட்டு வேண்டும் என்று கமெண்டில் எழுதுங்கள். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு மட்டும் கேட்காதீர்கள். அதை ஆடி மாதம் நேரில் வந்து கேட்டுக்கொள்ளலாம், அதுவும் ரெக்கார்டு மாதிரியே!